தொள்ளாயிரம் கரகோல்

கனிஷாய் எஜே பச்சை மையில்தான் விடைத்தாள் திருத்துவார். சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்களாம். பச்சைக்கும் நாங்கள் பயப்படத்தான் செய்தோம். பத்தாம் வகுப்பில் என் நோட்டில் அவர் போட்ட ஒரு பச்சைக் கோடு இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் நான் அதே பள்ளிக்கு, அதே கணிதப் பாடத்துக்கு ஆசிரியையாக வந்தேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

எஜே என்றால் அக்கா. மலைகளுக்கு நடுவே உள்ள பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கும் எங்கள் சிறு நகரத்தில் ஆசிரியைகளை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆசிரியர் ஆணென்றால் அகாய். கனிஷாய் ஆட்டிடையர் வீட்டுப் பெண். ஏழு வயதிலிருந்து விடுதியில் படித்தார், தலைநகரில் ஆசிரியப் பயிற்சி முடித்தார், கொடுத்த வேலையை வாங்கிக்கொண்டு இங்கே வந்தவர் பிறகு எங்கும் போகவில்லை. நாங்கள் சேர்ந்திருந்த பழைய பெரிய நாடு உடைந்து தனித்தனி நாடுகளான வருடங்களில் சம்பளம் மாதக்கணக்கில் வராமல் கிடந்தபோது, பேருந்து நிலையத்தில் சூரியகாந்தி விதையைக் கோப்பையால் அளந்து விற்றார். அப்போதும் மடியில் நோட்டுக் கட்டு இருக்கும். விதை வாங்க வந்த பையனைப் பிடித்து, "மூணாவது கணக்குல குறியை மாத்திட்டே, நாளைக்குத் திரும்பப் போட்டுட்டு வா" என்பார். அந்தப் பையன்களில் இரண்டு பேர் இன்று எங்கள் மருத்துவமனையில் டாக்டர்கள். கணவர் போலோத் இறந்து போனார், மகன் வெளிநாட்டில் வேலை. ஒரு பசு, நான்கு ஆப்பிள் மரம், பள்ளிக்கூடம். அதுதான் அவர் வாழ்க்கை.

அவர் கணக்கில் தப்பு விட்டு யாரும் பார்த்ததில்லை என்பது ஊரில் ஒரு பேச்சு. அதை அவரே நம்பத் தொடங்கியிருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் மாதம் மாவட்டக் கணிதப் போட்டி நடக்கும். கேள்வித்தாள் போடுவதும் நடுவர் குழுத் தலைமையும் பத்தொன்பது வருடமாகக் கனிஷாய் எஜேதான். குழுவில் மூன்று பேர்: அவர், நான், கல்வி அலுவலகத்திலிருந்து முத்திரையோடு வரும் தோக்தோசுன். தோக்தோசுனுக்குக் கணக்கு வராது, அவர் வேலை முத்திரை போடுவது. அந்த வருடம் ஒன்பதாம் வகுப்புத் தாளில் நான்காவது கேள்வி இது: 'கரகோல் என்ற ஊர்ப்பெயரின் எழுத்துகளை எத்தனை விதமாக வரிசைப்படுத்தலாம்? அவற்றில் இரண்டு 'அ' பக்கத்துப் பக்கத்தில் வராதவை எத்தனை?'

எங்கள் எழுத்தில் உயிரும் மெய்யும் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். க், அ, ர், அ, க், ஓ, ல். மொத்தம் ஏழு. ஏழும் வேறு வேறாக இருந்தால் ஐயாயிரத்து நாற்பது வரிசை. ஆனால் இங்கே 'க்' இரண்டு, 'அ' இரண்டு. இரண்டு 'க்'குகளும் தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டால் பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. ஒரே சொல் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும். அதனால் இரண்டால் ஒரு தடவை வகுக்க வேண்டும், 'அ'வுக்காக இன்னொரு தடவை. ஆயிரத்து இருநூற்று அறுபது. முதல் பாதி இதுதான், இதில் யாருக்கும் சிக்கல் இல்லை.

சிக்கல் இரண்டாம் பாதியில் இருந்தது. விடைக்குறிப்பில் கனிஷாய் எஜே எழுதியிருந்தது 540.

அந்தக் குறிப்பைப் போட்டிக்கு முந்தின நாள் ஆசிரியர் அறையில் என்னிடம் நீட்டினார். "உல்ஜான், ஒரு பார்வை பாத்துட்டுக் கையெழுத்துப் போடு."

நான் தாளின் ஓரத்தில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 'அ' இரண்டையும் எடுத்து வைத்துவிட்டு மீதி ஐந்து எழுத்தை மட்டும் அடுக்கினால், 'க்' இரண்டு இருப்பதால், அறுபது விதம். ஐந்து எழுத்துக்கு முன்னும் பின்னும் நடுவிலுமாக ஆறு இடைவெளி. அதில் இரண்டைத் தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு 'அ' வைக்கப் பதினைந்து வழி. அறுபதைப் பதினைந்தால் பெருக்கினால் தொள்ளாயிரம்.

எனக்கு 900 வந்தது. அவர் 540 என்று எழுதியிருந்தார். நான் என்ன செய்தேன் என்றால், பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எங்கேயோ நான்தான் சறுக்கியிருப்பேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. 'என்னம்மா, இடைவெளியை எண்ணத் தெரியலையா' என்று எல்லாரும் இருக்கும் அறையில் அவர் கேட்பாரே என்று பயந்தேன்.

வெள்ளிக்கிழமை போட்டி நடந்தது. மாலைக்குள் திருத்தி முடித்தோம். ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஏழு மதிப்பெண். முதல் இடம் குல்சாத் என்ற பெண்ணுக்கு, இருபத்தொன்பது. எங்கள் பள்ளிதான், கனிஷாய் எஜேயின் சொந்த மாணவி. இரண்டாம் இடம் பெர்மெத், இருபத்தெட்டு. மாகாணப் போட்டிக்கு மாவட்டத்துக்கு ஓர் இடம்தான்.

பெர்மெத் மலையடிவாரத்துக் கடைசி ஊர்ப் பெண். அந்த ஊர்ப் பள்ளியில் கணிதம் சொல்லித் தருபவர் மூசா. படித்தது விவசாயம், கணித ஆசிரியர் யாரும் அந்த ஊருக்குப் போகச் சம்மதிக்காததால், பள்ளிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் என்ற ஒரே காரணத்துக்காக இவரைப் பிடித்து வகுப்பில் நிறுத்திவிட்டார்கள். கனிஷாய் எஜே அவரை 'உருளைக்கிழங்கு அகாய்' என்பார், அவர் காதில் விழும்படியாகவே. மூசா சிரித்துக்கொள்வார்.

பெர்மெத் நான்காவது கேள்விக்கு 1260, 900 என்று எழுதியிருந்தாள். 900-க்குக் கீழே பச்சைக் கோடு, ஏழுக்கு இரண்டு. குல்சாத் 540 என்று எழுதி ஏழுக்கு ஏழு வாங்கியிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் மேல்முறையீட்டு நேரம். மதிப்பெண்ணில் குறை இருப்பவர்கள் வந்து கேட்கலாம். பொதுவாக யாரும் வருவதில்லை. அன்று மூசா வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. பின்னால் பெர்மெத், மெலிந்த பெண், பெரிய ஆண்கள் கோட்டுப் போட்டிருந்தாள்.

"வா மூசா," என்றார் கனிஷாய் எஜே. "என்ன, விதைப்புக்கு முன்னாடி ஒரு நடை வந்தியா?"

"இல்ல எஜே. நாலாவது கணக்கு. பொண்ணு சரியாப் போட்டிருக்கான்னு எனக்குத் தோணுது."

"உனக்குத் தோணுதா. எந்தப் புத்தகத்துல பாத்துத் தோணிச்சு?"

"புத்தகத்துல இல்ல எஜே. அவ எனக்குச் சொன்னா. நானும் போட்டுப் பாத்தேன்."

"அவ உனக்குச் சொல்லிக் குடுத்தாளாம், கேட்டியா தோக்தோசுன்?"

தோக்தோசுன் சிரித்தார். நானும் சிரிப்பதுபோல் உதட்டை அசைத்தேன். மூசாவின் காது சிவந்தது, ஆனால் அவர் போகவில்லை.

எஜே பொறுமையாகத்தான் விளக்கினார். 'அ' இரண்டையும் ஒட்டி ஒரே பொருளாக வைத்துக்கொள். இப்போது ஆறு பொருள், அதில் 'க்' இரண்டு, ஆக முந்நூற்று அறுபது. ஒட்டின இரண்டும் தங்களுக்குள் இடம் மாறலாம், அதனால் இரண்டால் பெருக்கு, எழுநூற்று இருபது. ஆயிரத்து இருநூற்று அறுபதில் அதைக் கழித்தால் ஐந்நூற்று நாற்பது.

அந்த 'இரண்டால் பெருக்கு' எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. வருடா வருடம் அவர் வகுப்பில் போடும் கணக்கு ஒன்று உண்டு: கல்யாண விருந்தில் ஒரு வரிசையில் ஆட்களை உட்கார வைக்க வேண்டும், மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில். அங்கே இரண்டால் பெருக்கத்தான் வேண்டும், மாப்பிள்ளை இடப்பக்கம் இருப்பதும் வலப்பக்கம் இருப்பதும் வேறு வேறு. முப்பது வருடம் அந்தக் கணக்கைப் போட்ட கை, இங்கேயும் தானாகவே பெருக்கிவிட்டது. ஆனால் 'அ'வும் 'அ'வும் இடம் மாறினால் என்ன மாறுகிறது? ஒன்றும் இல்லை. முந்நூற்று அறுபதை மட்டும் கழித்திருக்க வேண்டும்.

பெர்மெத் மெதுவாகச் சொன்னாள்: "எஜே, ஒரு சின்ன வார்த்தைக்கு இதே மாதிரி போட்டுக் காட்டுறீங்களா?"

"எந்த வார்த்தை?"

"அத."

எங்கள் பேச்சில் 'அத' என்றால் அப்பா. அ, த், அ. மூன்றே எழுத்து.

எஜே சாக்பீஸை எடுத்தார். சீக்கிரம் முடித்து அனுப்பிவிட வேண்டும் என்ற வேகம் கையில் இருந்தது. "மூணு எழுத்து, ஆறு. அ ரெண்டு, வகுத்தா மூணு. ஒட்டி வெச்சா ரெண்டு பொருள், ரெண்டு விதம். ரெண்டால பெருக்கு, நாலு. மூணுல நாலு போனா..."

பலகையில் 3 − 4 = என்று இருந்தது. சமக்குறிக்கு அப்பால் சாக்பீஸ் நின்றது.

இரண்டு 'அ'வும் பக்கத்தில் வராத வரிசை ஒன்று இருக்கிறது; அது 'அத' என்ற அந்தச் சொல்லேதான். அதை எழுதித்தான் கணக்கையே தொடங்கினோம். கணக்கு என்னடாவென்றால், இல்லாததற்கும் கீழே ஒன்று குறைகிறது என்றது.

எஜேயின் கழுத்திலிருந்து சிவப்பு ஏறி நெற்றி வரைக்கும் வந்ததைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது. இதை நான் உறுதியாகச் சொல்வேன். அப்புறம் அவர் துணியை எடுத்துப் பலகையைத் துடைத்தார்.

"இது சின்ன வார்த்தை," என்றார். "சின்ன வார்த்தைக்கு இந்த முறை பொருந்தாது. பெரிய வார்த்தைக்குத்தான்."

பெர்மெத் அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த ஒருவர் தெருவில் வழுக்கி விழுந்ததைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நிராகரிக்கப்பட்டதுன்னு எழுது, தோக்தோசுன்."

தோக்தோசுன் எழுதினார். முத்திரை விழுந்தது. எஜே கையெழுத்துப் போட்டார், அதற்குக் கீழே நான் போட்டேன். மூசா, "நன்றி எஜே, நேரம் குடுத்ததுக்கு" என்று சொல்லித் தொப்பியைப் போட்டுக்கொண்டார். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கனிஷாய் எஜே ஆப்பிள் மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தாராம். நான்கு மரம்தான், அடித்த மரத்துக்கே மறுபடியும் அடித்திருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்த பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

திங்கட்கிழமை முதல் பாடவேளையில் அவருக்கு ஒன்பதாம் வகுப்பு. நானும் வந்து பின்னால் உட்கார வேண்டும் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அவர் பலகையில் அ, த், அ என்று எழுதினார். சனிக்கிழமை செய்ததை அப்படியே செய்தார், 3 − 4 = வரைக்கும். இந்தத் தடவை பதிலையும் எழுதினார்.

"என்ன தப்பு இதுல?"

வகுப்பு முழித்தது. கடைசியில் ஒருவன், "எஜே, மைனஸ் ஒண்ணு வரிசை எப்படி இருக்கும்?" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"இருக்காது. ஒரே எழுத்து ரெண்டு இருந்தா, அதுங்க இடம் மாறினா எதுவும் மாறாது. நான் மாறும்னு பெருக்கினேன். போட்டித்தாளோட விடைக்குறிப்புலயும் அப்படித்தான் பெருக்கினேன். தப்பு என்னோடது. அது மட்டும்னா பரவாயில்ல." அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை ஒரு பொண்ணு இதை எனக்குக் காட்டிச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் பலகைய அழிச்சிட்டு, உன் கணக்கு தப்புன்னு அனுப்பிட்டேன்."

முதல் வரிசையில் குல்சாத் எழுந்து நின்றாள்.

"அப்ப நான் எழுதினதும் தப்பா எஜே?"

"தப்பும்மா."

"நீங்க சொல்லிக் குடுத்தபடிதானே எழுதினேன்?"

"ஆமா."

"அப்ப மாகாணத்துக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு முப்பத்து மூணு வருது. உனக்கு இருபத்து நாலு. அவதான் போகணும்."

குல்சாத் உட்கார்ந்தாள். அழவில்லை. நோட்டைத் திறந்து, பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பினாள். வேறு எதெல்லாம் தப்பாக இருக்கக்கூடும் என்று தேடுவதுபோல இருந்தது எனக்கு. எஜே அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி அடிக்கும் வரை வேறு பாடம் எடுக்கவில்லை.

மதியம் குல்சாத்தின் அம்மா வந்தார். மருந்துக்கடைக்காரி, சத்தம் போடும் ஆள் இல்லை. நடைவழியில் நோட்டை விரித்துக் காட்டினார். அதில் ஒட்டிவைத்துப் பெருக்கும் கணக்கு ஒன்று, ஓரத்தில் பச்சை மையில் 'சரி'.

"இது யார் கையெழுத்து, எஜே?"

"என்னோடது."

"ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? தன் வகுப்புப் பொண்ணுன்னு முதல்ல ஏத்தி விட்டாங்களாம், பயந்துபோய் இப்ப இறக்கி விடுறாங்களாம். என் பொண்ணு என்ன செஞ்சா இதுல?"

"ஒண்ணும் செய்யல. நான் சொன்னதை நம்பினா, அவ்வளவுதான்."

அந்த அம்மா நோட்டை மூடிக்கொண்டு போனார். மறுவாரமே குல்சாத் வேறு பிரிவுக்கு மாறினாள்.

தோக்தோசுன் இலேசில் விடவில்லை. முத்திரை போட்ட தாளை எப்படி மாற்றுவது, மேலே கேட்டால் என்ன சொல்வது, போகட்டும், சின்னப் பெண், அடுத்த வருடம் வரட்டும் என்றார். எஜே ஒரு முழுத்தாள் எடுத்து, விடைக்குறிப்பு தவறு என்றும், மேல்முறையீட்டின்போது தவறு தனக்குத் தெரியவந்தும் மறைத்ததாகவும் எழுதினார்.

"'தெரியவந்தும்' வேண்டாம் எஜே," என்றார் தோக்தோசுன். "பிறகு தெரியவந்ததுன்னு எழுதுங்க. யாரு கேக்கப் போறா?"

"எழுதினது இருக்கட்டும்."

"வேலைக்கே வெனை வெச்சுருவாங்க."

"முத்திரையப் போடு, தோக்தோசுன்."

செவ்வாய்க்கிழமை நானும் அவரும் பங்கு டாக்சியில் மூசாவின் ஊருக்குப் போனோம். போனில் சொன்னால் போதாதா என்று கேட்டேன். அவர் டாக்சியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வழியில் பனி உருகி ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு, பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அங்கேதான் சொன்னேன்.

"எஜே, வியாழக்கிழமை நான் போட்டுப் பாத்தேன். எனக்கும் தொள்ளாயிரம்தான் வந்துச்சு."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டியா?"

"போட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க எதாவது சொல்லுவீங்கன்னு."

"என்ன சொல்லியிருப்பேன்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீ என் வகுப்புல படிச்சவ," என்றார். "எத்தனை வருஷம் படிச்சே?"

"ஆறு வருஷம் எஜே."

"ஆறு வருஷம்," என்றார். அப்புறம் ஊர் வரும் வரை கையுறையைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

மூசா எங்களை வாசலில் பார்த்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே அழைத்துப் போனார். விரிப்பு விரித்து, ரொட்டி, வெண்ணெய், பாலேடு, ஆப்ரிகாட் ஜாம், தேநீர். அவருடைய மனைவி இறைச்சியை அடுப்பில் ஏற்றப் போனதைப் பார்த்து எஜே, "வேண்டாம்மா, நாங்க உடனே கிளம்பணும்" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை. எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவர் ரொட்டியைப் பிய்க்காமல் பேச்சைத் தொடங்க முடியாது. எஜே ரொட்டியைப் பிய்த்தார். பிய்த்த துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"மூசா, நான் எதுக்கு வந்தேன்னா..."

"முதல்ல தேநீர் குடிங்க எஜே. உருளைக்கிழங்கும் வெந்துட்டிருக்கு. நம்ம வீட்டுல வேற என்ன இருக்கும்?"

அவர் அதை வேடிக்கையாகத்தான் சொன்னார். முகத்தில் குத்தல் இல்லை. ஆனால் எஜே கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "மூசா, அந்தப் பேரை நான் உனக்கு வெச்சிருக்கக் கூடாது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"இருக்கு. நீ போட்டது சரி. என்னோடது தப்பு. அன்னிக்கே தெரியும் எனக்கு."

மூசா விரிப்பின் மடிப்பை நீவிவிட்டார். "தெரியும்னு எனக்கும் தெரியும் எஜே. ஆனா என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? பொண்ணுகிட்ட சொல்லுங்க. ரெண்டு நாளா அவ சரியாச் சாப்பிடல."

ஆள் அனுப்பிப் பெர்மெத்தைக் கூட்டி வந்தார்கள். ஆடு குட்டி போடும் காலம். சட்டைக் கையை முழங்கை வரை மடித்திருந்தாள், வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவோரத்திலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். எஜே எழுந்து போய் அவளுக்கு எதிரே தானும் அப்படியே உட்கார்ந்தார். ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலிக்காரர்.

"பெர்மெத், உன் விடை சரி. மாகாணத்துக்கு உன் பேரைத்தான் அனுப்பியிருக்கு. நான் உன்னை ஏமாத்தினேன். சின்ன வார்த்தை பெரிய வார்த்தைன்னு சொன்னேன் இல்ல, அது பொய்."

பெர்மெத் எழுந்து தன் வீட்டுக்குப் போய் ஒரு கட்டம் போட்ட நோட்டோடு வந்தாள். எஜே கையில் கொடுத்தாள்.

முதல் பக்கத்திலிருந்தே பொடி எழுத்தில் நான்கு பத்திகளாக வார்த்தைகள். ஒரு பத்திக்குப் பதினைந்து, ஒரு பக்கத்துக்கு அறுபது. கரகோல் என்ற பெயர் எல்லா விதமாகவும் கலைந்து கிடந்தது. 'அ'வில் தொடங்குபவை ஐந்து பக்கம். 'க்'கில் நான்கு பக்கம். ர், ஓ, ல் என்று இரண்டிரண்டு பக்கம். எல்லாம் பதினைந்து பக்கம்.

"எதுக்கும்மா இது?"

"நீங்க பெரிய வார்த்தைக்குப் பொருந்தும்னு சொன்னீங்க. நான் சின்னதுக்குத்தானே பாத்திருந்தேன். நான்தான் தப்போன்னு ஆயிடுச்சு. அதான் எழுதிப் பாத்தேன்."

"எல்லாத்தையுமா?"

"ஐந்நூத்தி நாப்பதைத் தாண்டினப்பவே நிறுத்தியிருக்கலாம். ஆனா ஏதாவது ரெண்டு தடவை வந்திருந்தா? அதனால முழுக்க எழுதினேன். தொள்ளாயிரத்துக்கு மேல போகல. ஒண்ணும் திரும்ப வரல, நாலு தடவை பாத்துட்டேன்."

எஜே பக்கங்களைத் திருப்பினார். ஒரு பக்கத்தில் வரிசை மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கினார், பழக்கதோஷம். பாதியில் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து கையை எடுத்துக்கொண்டார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். சத்தமில்லாமல், முகத்தைத் திருப்பாமல், நோட்டை நனைக்காமல் தூரப் பிடித்துக்கொண்டு.

"என்னை மன்னிச்சுடுன்னு கேக்கலாமா?"

பெர்மெத் மூசாவைப் பார்த்தாள்.

"நீங்க துணிய எடுத்தப்ப, தப்பை எழுதிக் காட்டத்தான் இடம் பண்றீங்கன்னு நெனச்சேன் எஜே," என்றாள். "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அப்புறம் அப்படிச் சொன்னீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆட்டுக்குட்டி ஒன்று பால் குடிக்காமல் இருக்கிறது என்று எழுந்து போனாள். எங்களுக்கு இறைச்சி வந்தது. எஜே இரண்டு வாய் சாப்பிட்டார்.

மாகாணப் போட்டியில் பெர்மெத்துக்கு ஒன்பதாவது இடம். பரிசு எதுவும் இல்லை. வடிவியல் கேள்வி காலை வாரிவிட்டது. வேலைக்கு வினை எதுவும் வரவில்லை. எஜேயின் கடிதத்தை மேலே யாரும் படித்ததாகவே தெரியவில்லை. ஆனால் நடுவர் குழுவிலிருந்து அவராகவே விலகினார். அலுவலகம் என்னைத் தலைமை ஏற்கக் கேட்டது. ரப்பரால் அழித்த என் பென்சில் எழுத்தை நினைத்துக்கொண்டு, வேண்டாம் என்றேன். வேறொருவர் வந்தார்.

பள்ளியில் மட்டும் எஜே இன்னும் இரண்டு வருடம் பாடம் எடுத்தார். பச்சை மைதான், ஆனால் தப்பு என்று கோடு போடும் முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "எப்படிப் போட்டே, சொல்லு" என்பார். பிள்ளைகள் பயத்தில் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்வியைக் கேட்டதும், அது இன்னொரு விதமான பொறி என்றுதான் நினைத்தார்கள். அவர் காத்திருந்து பார்ப்பார், பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்த நேரங்களில் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியாது.

அவர் ஓய்வு பெற்ற வருடம் கோடையில், மினிபஸ் நிறுத்தத்தில் நானும் எஜேயும் நின்றுகொண்டிருந்தபோது மூசா வந்தார். கைகொடுத்து, உடம்பு, வீடு, மகன் என்று விசாரித்தார். பெர்மெத் தலைநகரில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்றார்.

"நல்லதுப்பா," என்றார் எஜே. "எதுல? கணக்குலயா?"

"கால்நடை வைத்தியம் எஜே."

"கணக்கு எடுக்கலையா?"

"கேட்டுப் பாத்தேன். வேண்டாம்னுட்டா."

ஏன் என்று எஜே கேட்கவில்லை. கேட்டால் மூசா உண்மையைச் சொல்லிவிடக்கூடும். அல்லது மனம் நோகக் கூடாதென்று வேறு ஏதாவது சொல்லிவைக்கக்கூடும். எதைத் தாங்குவது கஷ்டம் என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி வந்தது. மூசா கதவைப் பிடித்துக்கொண்டார், எஜே முதலில் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்து, வண்டி கிளம்பி மூசா கண்ணுக்கு மறைந்த பிறகும், தலைத்துணியின் முனையைப் பல்லில் கடித்தபடி அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.